12-ஐவிட 20 பெரிது என்று நினைத்தபோது

சலூன் அலமாரியில் இரண்டு பெராக்சைடு பாட்டில்கள். ஒன்றில் 12%, மற்றதில் 20 வால்யூம். முடியை வெளுத்து நிறமேற்றும் ஹைலிஃப்ட் டின்ட்டுக்கு வீரியமானது வேண்டுமே என்று 20-ஐ எடுத்தேன். வாடிக்கையாளரின் இயற்கையான வெளிர்பழுப்பு முடி பொன்னிறமாகாமல் ஆரஞ்சிலேயே நின்றுவிட்டது.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். சதவீதத்தை 10-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் வால்யூம். 12% என்றால் 40 வால்யூம். நான் ஊற்றிய 20 வால்யூம் வெறும் 6%தான்.

அந்த டின்ட்டின் விகிதம் 1:2, அதாவது 30 கிராமுக்கு 60 மில்லி. 12%-இல் கலந்தால் கிண்ணத்தில் பெராக்சைடு ஏறக்குறைய 8% இருக்கும். என் கலவையில் 4%தான். சாதாரண டின்ட் போல 1:1 கலந்தால் 12%கூட 6% ஆகிவிடும். விகிதத்தையும் பார்க்க வேண்டும்.

அதன் மேலேயே மறுபடி ஹைலிஃப்ட் போடவில்லை. டின்ட் ஏறிய முடியை இன்னொரு டின்ட் வெளுக்காது. நீலச் சாயலுள்ள டோனரை 3%-இல் கலந்து ஆரஞ்சை அடக்கினேன். பொன்னிறம் கிடைக்கவில்லை, சாம்பல் கலந்த பழுப்பு கிடைத்தது. அடுத்தமுறை வளர்ந்த வேர்முடியில் மட்டும், ஒரு கற்றையில் சோதித்துவிட்டு, 12%-இல் 1:2 போட்டேன். சரியாக வந்தது. இப்போது எல்லாப் பாட்டிலிலும் மார்க்கரால் இரண்டு எண்களையும் எழுதிவைக்கிறேன்.