அனாடமி வைவாவுக்கு நாலு பேர் குழு: நடத்துவது எப்படி?

எம்.பி.பி.எஸ். முதலாண்டில் தியரி நன்றாக எழுதுகிறவர்கூட, எலும்பைக் கையில் கொடுத்ததும் திணறுவது உண்டு. படித்தது புத்தக வரிசையில் மனதில் நிற்கிறது. வைவாவில் கேள்வி எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கும். அதற்குப் பழக நாலு பேர் போதும். ஆறு பேர் ஆனால் இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

மேல் கையை எடுத்துக்கொள்வோம். முதல் வாரம் ஒருவர் ஹியூமரஸ், இன்னொருவர் பிரேக்கியல் பிளெக்சஸ், ஆளுக்கு இருபது நிமிடம் நடத்தட்டும். புத்தகம் மூடியிருக்க வேண்டும். எலும்பும் சாக்பீஸும் போதும். பார்த்துப் படிக்கத் தொடங்கினால் அது வகுப்பு அல்ல, வாசிப்பு. அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்த வாரம் மற்ற இருவர் வேறு பாடம் நடத்துவார்கள். அதன்பின், போன வாரப் பாடத்தில் அவர்கள் இருவருக்கும் வைவா. போன வாரம் நடத்திய இருவரும்தான் தேர்வாளர்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம். இன்னொருவர் கதவுக்கு வெளியே காத்திருக்க வேண்டும், கேள்விகள் காதில் விழக்கூடாது. மூன்றாம் வாரம் இடம் மாறும். இந்த ஒரு வார இடைவெளிதான் முக்கியம்: அன்றே கேட்டால் காதில் கேட்டது அப்படியே திரும்பி வரும், நினைவில் தங்கியதா என்று தெரியாது.

கேள்விகளைச் சங்கிலியாகக் கோத்துக் கேளுங்கள். ஹியூமரஸைக் கொடுத்து, "எந்தப் பக்கத்து எலும்பு?" வெறும் "வலது" போதாது, தலை மேலே, உட்பக்கம் பார்த்து, ஒலெக்ரனான் குழி பின்னால் வரும்படி பிடித்துக் காட்ட வேண்டும். "நடுத்தண்டின் பின்புறப் பள்ளத்தில் என்ன நரம்பு போகிறது?" ரேடியல். "அங்கே எலும்பு முறிந்து நரம்பு அடிபட்டால்?" மணிக்கட்டு தொங்கும். "முழங்கையை நீட்ட முடியுமா?" பலரும் இங்கே "முடியாது" என்பார்கள். பொதுவாக முடியும்: டிரைசெப்ஸுக்குப் போகும் கிளைகளில் முக்கியமானவை பள்ளத்துக்கு மேலேயே பிரிந்துவிடுகின்றன. நரம்பின் பெயரை மனப்பாடம் செய்தவரா, அதன் வழியைத் தெரிந்தவரா என்பது இந்தக் கடைசிக் கேள்வியில் தெரிந்துவிடும்.

நண்பனாச்சே என்று தேர்வாளர் "ரே..." என்று எடுத்துக் கொடுத்தால் எல்லாம் வீண். பத்து விநாடி அமைதியாக இருங்கள், பிறகு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். திருத்தமும் விளக்கமும் பத்து நிமிடம் முடிந்தபின்தான்.

தவறிய கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள், விடை வேண்டாம். அடுத்த கூட்டத்தில் முதல் ஐந்து நிமிடம் அந்த நோட்டிலிருந்தே கேளுங்கள். ஒரே கேள்வி மூன்று முறை வந்தால், பதில் சொன்னவரிடம் மட்டும் தப்பு இல்லை. பாடம் நடத்தியவர் அந்த இடத்தை வேகமாகத் தாண்டியிருப்பார். அவரே அதை மறுபடி வரைந்து காட்டட்டும்.