14 சதவீத ஈரம்: செம்மண்ணில் நிறைவு, கரிசலில் வாடல்

மேலூர்ப் பக்கத்து மணல் கலந்த செம்மண்ணில் 14 சதவீத ஈரம் இருந்தால் கத்தரிக்கு ஒரு குறையும் இல்லை. திருமங்கலத்துக் கரிசலில் அதே 14 இருந்தால் பயிர் வாடி நிற்கும். களிமண்ணின் நுண்துகள்கள் நீரை அவ்வளவு இறுகப் பற்றிக்கொள்கின்றன. அதனால் மண்ணில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, வேர் எடுக்கக்கூடியது எவ்வளவு என்பதையே அளக்க வேண்டும்.

முதலில் மண் நயம். ஈர மண்ணைப் பிசைந்து, கட்டை விரலால் நாடாவாகத் தள்ளுங்கள். உடனே ஒடிந்தால் மணற்பாங்கு. இரண்டு அங்குலத்துக்கு மேல் நீண்டால் களி. பாட்டிலில் கரைத்துப் படியவிடும் முறை எனக்குப் பிடிக்காது. கரிசலின் களி நாள் கணக்கில் படியாமல் மிதக்கும்.

அடுத்தது வயல் கொள்திறன், அதாவது மிகுதி நீர் வடிந்தபின் மண் பிடித்து வைத்திருக்கும் ஈரம்; பலர் சறுக்குவது இங்கேதான். ஒரு சதுர மீட்டரில் வரப்பு கட்டி, வேர் ஆழம் வரை நனையும்படி நீர் விட்டு, பாலித்தீன் தாளால் மூடுங்கள். மூடாவிட்டால் வெயில் குடித்த நீரும் வடிந்த கணக்கில் சேர்ந்துவிடும். செம்மண்ணுக்கு ஒரு நாள், கரிசலுக்கு இரண்டு மூன்று நாள் காத்திருங்கள். பிறகு 15 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணை எடுத்து நிறுத்து, எடை குறைவது நிற்கும் வரை உலர்த்துங்கள். ஓவனானால் 105 டிகிரி. வாணலியானால் மெல்லிய தீ. ஊசி வடிவ ஈரமானிகளை நான் நம்புவதில்லை. உப்பு மண்ணில் தவறாகக் காட்டும். ஒரு கிராம் வரை காட்டும் தராசு போதும்.

என் செம்மண் மாதிரி ஈரத்தில் 228 கிராம், உலர்ந்தபின் 200. நீர் 28 கிராம். உலர் எடையால் வகுத்தால் 14 சதவீதம். (வாசகர் ஒருவருக்கு 12.3 வந்தது. ஈர எடையால் வகுத்திருந்தார்.)

அடுத்தது நிரந்தர வாடல் நிலை, அதாவது வேரால் இனி நீர் எடுக்க முடியாமல் பயிர் மீளாது வாடும் ஈர அளவு. இதை ஆய்வகத்தில் 15 பார் அழுத்தத்தில் காண்பார்கள். வீட்டில், தொட்டியில் சூரியகாந்தி வளர்த்து நீரை நிறுத்துங்கள். மதியம் வாடி இரவில் தெளிந்தால் அது தற்காலிக வாடல். இரவு முழுதும் நிழலில் மூடி வைத்தும் காலையில் இலை நிமிரவில்லை என்றால், அந்த மண்ணை நிறுத்து உலர்த்துங்கள். எனக்கு 6 சதவீதம் வந்தது.

ஆக, பயிருக்குக் கிடைப்பது 14 கழித்தல் 6, அதாவது 8 சதவீதம். இது எடைக் கணக்கு. ஆழமாக மாற்ற மண்ணின் பருமன் அடர்த்தி வேண்டும். கொள்ளளவு தெரிந்த குழாய்த் துண்டைத் தரையில் இறக்கி, உள்ளிருக்கும் மண்ணின் உலர் எடையைக் கொள்ளளவால் வகுக்க வேண்டும். எனக்கு கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம் வந்தது. வேர் ஆழம் 300 மில்லிமீட்டர் என்றால்:

```
0.08 × 1.5 × 300 = 36 மி.மீ.
```

இதில் பாதி, 18 மி.மீ. தீர்ந்ததும் நீர் பாய்ச்ச வேண்டும். கோடையில் பயிர் நாளுக்கு 6 மி.மீ. இழுத்தால் மூன்று நாள் இடைவெளி. கரிசலில் இடைவெளி நீளும். ஆனால் வெடிப்பு விடும்வரை காத்திருக்காதீர்கள். பாய்ச்சும் நீர் வெடிப்பு வழியே வேருக்குக் கீழே இறங்கிவிடும்.