இரண்டு கொட்டேஷன்களை வரிக்கு வரி ஒப்பிடுவது எப்படி?

வாடகை வீடு காலியானதும் பெயின்ட் அடிக்கவும் பாத்ரூமில் சில்லறை வேலைகள் பார்க்கவும் இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். முதலாமவர் கேட்டது 24,000, இரண்டாமவர் 19,000. (எந்தப் பணமாகவும் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு ஒன்றுதான்.) கடைசி வரியை மட்டும் பார்த்திருந்தால் இரண்டாமவருக்கே வேலையைக் கொடுத்திருப்பேன்.

முதலில் ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: வேலை, முதலாமவர், இரண்டாமவர். ஒருவர் எழுதி மற்றவர் எழுதாத வேலைக்கு எதிரே கட்டத்தைக் காலியாக விடுங்கள். என் தாளில் காலிக் கட்டங்கள் எல்லாம் இரண்டாமவர் பக்கமே இருந்தன. பிரைமர் இல்லை, குப்பை அகற்றுவது இல்லை.

அடுத்தது அளவு. பெயின்ட் வேலைக்கு முதலாமவர் 1,680 சதுர அடி, அடிக்கு 10 என்று எழுதியிருந்தார். இரண்டாமவர் 2,100 சதுர அடி, அடிக்கு 7. ஒரே வீட்டுக்கு எப்படி இரண்டு அளவு? இரண்டாமவர் டேப்பையே எடுக்கவில்லை. தரைப்பரப்பு 600 சதுர அடியை மூன்றரையால் பெருக்கிவிட்டார். அவசரத்துக்கு அந்தக் கணக்கு உதவும். ஆனால் சமையலறையிலும் பாத்ரூமிலும் பாதிச் சுவர் டைல்ஸாக இருந்தால் அளவு கூடிப்போகும்.

நீங்களே அளந்து பாருங்கள். 12க்கு 10 அறை, உயரம் 10 அடி என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி, மேல்தளம் 120, ஆக 560. கதவுக்கு 21, ஜன்னலுக்கு 16 கழித்தால் 523. இப்படி ஒவ்வொரு அறையாக அளந்தபோது எனக்கும் ஏறக்குறைய 1,680தான் வந்தது. கதவு, ஜன்னலைக் கழிப்பதா வேண்டாமா என்பதில் ஆளுக்கொரு பழக்கம் உண்டு. எதுவானாலும் சரி, இருவருக்கும் ஒரே முறை இருக்க வேண்டும்.

அப்புறம் பட்டி. பெரிய வித்தியாசம் ஒளிந்திருப்பது இங்கேதான். முதலாமவர் 'பழைய பெயின்ட் சுரண்டி, முழுச் சுவருக்கும் இரண்டு கோட் பட்டி, ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன்' என்று எழுதியிருந்தார். இரண்டாமவர் எழுதியது 'டச்-அப் பட்டி, இரண்டு கோட் எமல்ஷன்'. அதாவது ஓட்டை, விரிசல் உள்ள இடத்தில் மட்டும் பட்டி. அது ஏமாற்று அல்ல. சுவர் நன்றாக இருந்தால் வாடகை வீட்டுக்கு அதுவே போதும். உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் அதன் மேல் அடிக்கும் பெயின்ட் பிடிக்காது, உரிந்து வரும். எனக்குக் கை முழுக்கப் பொடி. அதனால் முழுப் பட்டியும் பிரைமரும் தேவை என்று நானே முடிவு செய்தேன். (ஈரம் கசியும் சுவரென்றால் எந்தப் பட்டியும் நிற்காது. முதலில் கசிவை அடைக்க வேண்டும்.)

கதவு வரியில் 'ஒரு பக்கமா, இரண்டு பக்கமா?' என்று கேளுங்கள். 21 சதுர அடிக் கதவு, இரண்டு பக்கமும் நிலையும் சேர்ந்தால் 50ஐத் தொடும். இரண்டாமவர் ஒரு பக்கத்துக்குத்தான் விலை போட்டிருந்தார்.

'பாத்ரூம் ரிப்பேர், மொத்தமாக 2,500' என்ற வரியை அப்படியே விடாதீர்கள். என்ன வேலை, எத்தனை, பொருள் யாருடையது என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டாமவர் சொன்ன அந்த 2,500இல் இரண்டு குழாய்களின் விலையே சேரவில்லை. கூலி மட்டும்தான்.

கடைசியாக, ஒரே வேலைப்பட்டியலை இருவருக்கும் கொடுத்து மறுவிலை கேட்டேன். முதலாமவர் ஏற்கெனவே எல்லாவற்றையும் எழுதியிருந்ததால் அதே 24,000. இரண்டாமவருக்குப் பெயின்ட் வேலை 1,680 சதுர அடிக்கு ஒன்பதரை வீதம் 15,960. கதவு, கிரில் 2,900. பாத்ரூம் பொருளோடு 4,300. குப்பைக்கு 600. கூட்டினால் 23,760. ஐயாயிரமாக இருந்த வித்தியாசம் 240 ஆகச் சுருங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் நாள் கணக்கைப் பார்த்தேன். முதலாமவர் 8 நாள், இரண்டாமவர் 13 நாள். வீடு பூட்டிக் கிடக்கும் ஐந்து நாள் வாடகை 240ஐ விட அதிகம் என்பதால் முதலாமவரையே வரச் சொன்னேன். கையெழுத்துக்கு முன் ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: பட்டியலில் இல்லாத வேலையை என் எழுத்து சம்மதம் இல்லாமல் செய்தால் அதற்குப் பணம் கிடையாது.