மேகத்தின் நிறை வேறு, நட்சத்திரத்தின் நிறை வேறு

நாகதாரி விண்மீன் குழுவில் பார்னார்ட் 68 என்ற ஒரு சின்னக் கருமேகம் இருக்கிறது. நம்மிடமிருந்து 400 முதல் 500 ஒளியாண்டு தூரம், குறுக்களவு அரை ஒளியாண்டு. படத்தில் பார்த்தால் வானத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். 2001இல் வானியலாளர் அல்வெஸும் லாடா என்ற பெயருள்ள இரண்டு வானியலாளர்களும் சேர்ந்து, பின்னால் இருக்கும் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளி இதற்குள் எவ்வளவு மங்குகிறது என்று அகச்சிவப்பில் அளந்தார்கள். தூசு எங்கே எவ்வளவு அடர்த்தி என்பது அதிலிருந்து தெரிந்தது. மொத்த நிறை ஏறக்குறைய இரண்டு சூரியன். உள்ளே இன்னும் நட்சத்திரம் எதுவும் இல்லை.

சரி, இது சரிந்து விழுந்தால் இரண்டு சூரிய நிறையில் ஒரு நட்சத்திரம் கிடைக்குமா? கிடைக்கும் என்று சொல்லிவிடத்தான் தோன்றும். அதைப் பார்ப்பதற்கு முன்னால் இன்னொரு தவறைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

வாயுவை அமுக்கினால் சூடாகும் என்பது சைக்கிள் பம்ப் அடித்த எல்லோருக்கும் தெரியும். அதனால் மேகமும் சுருங்க ஆரம்பித்த உடனேயே கொதிக்கத் தொடங்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் சரிவின் முதல் கட்டம் முழுக்க அது மைனஸ் 263 டிகிரி செல்சியஸ் அளவிலேயே, அதாவது 10 கெல்வினை ஒட்டியே இருக்கிறது. சுருங்கும்போது பிறக்கிற வெப்பத்தைத் தூசுத் துகள்கள் அகச்சிவப்பு ஒளியாக வெளியே அனுப்பிவிடுகின்றன. மேகம் இன்னும் மெல்லியதாக இருப்பதால் அந்த ஒளி தடையில்லாமல் தப்பிப் போகிறது.

இதனால் என்ன ஆகிறது? தன் ஈர்ப்பிலேயே சரிந்து விழ ஒரு வாயுத் திரளுக்குத் தேவையான குறைந்தபட்ச நிறையை ஜீன்ஸ் நிறை என்பார்கள். அது வெப்பநிலையையும் அடர்த்தியையும் இப்படிச் சார்ந்திருக்கிறது:

M ∝ T^(3/2) / ρ^(1/2)

இதில் M ஜீன்ஸ் நிறை, T வெப்பநிலை, ρ அடர்த்தி. வெப்பநிலை மாறாமல் அடர்த்தி மட்டும் 100 மடங்கானால் இந்த வரம்பு பத்தில் ஒன்றாகக் குறையும். முதலில் ஒரே துண்டாக மட்டுமே விழ முடிந்த மேகம் அப்புறம் பல துண்டுகளாக உடைந்து விழலாம். பார்னார்ட் 68இன் நடுவில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில லட்சம் மூலக்கூறுகள் இருக்கின்றன. அது சில ஆயிரம் கோடியைத் தொடும்போதுதான் வாயு ஒளிபுகாததாகி, வெப்பம் உள்ளே மாட்டிக்கொள்கிறது. இடையில் அடர்த்தி ஏறுவது சுமார் ஒரு லட்சம் மடங்கு, அதனால் வரம்பு சுமார் 300 மடங்கு இறங்கும். இரண்டு சூரியனை 300ஆல் வகுத்தால் வியாழனைப் போல ஆறேழு மடங்கு வருகிறது. தோராயமான கணக்குதான், ஆனாலும் துண்டு இதைவிட மிகச் சிறிதாக உடைய முடியாது.

ஆக, ஜீன்ஸ் நிறை சொல்வது எது விழும் என்பதை மட்டுமே. விழுந்ததில் எவ்வளவு தங்கும் என்பது தனிக் கணக்கு. மேகம் மெல்லச் சுழல்வதால் வாயு நேராக மையத்துக்குப் போகாமல் முதலில் ஒரு வட்டாகச் சேர்கிறது. அந்த வட்டின் காந்தப்புலம் வாயுவில் ஒரு பகுதியை இரு துருவப் பக்கமும் பீறிட்டு வெளியேற்றுகிறது. பீறிடும் தாரைகள் சுற்றியுள்ள வாயுவையும் வாரிக்கொண்டு போகின்றன. வானில் பார்னார்ட் 68க்குப் பக்கத்தில் தெரியும் பைப் நெபுலா என்ற பெரிய கருமேகத்தில் இருக்கிற வாயுக் கருக்களின், அதாவது நட்சத்திரம் பிறக்கக்கூடிய அடர்ந்த திரள்களின் நிறைகளை 2007இல் அளந்தபோது, அவற்றின் பரவல் நட்சத்திரங்களின் நிறைப் பரவலைப் போலவே இருந்தது, ஆனால் சுமார் மூன்று மடங்கு பெரிய பக்கம் தள்ளி. மூன்றில் ஒரு பங்குதான் நட்சத்திரமாகத் தங்குகிறது என்பது இதற்கான இயல்பான விளக்கம். அந்தக் கணக்கில் பார்னார்ட் 68 தருவது 0.6 அல்லது 0.7 சூரியன். இரட்டையாகப் பிரிந்தால் இன்னும் சிறியவை இரண்டு.

மூன்றாவது தவறு, அணுக்கரு இணைவு பற்றிக்கொண்டதும் நட்சத்திரத்தின் வளர்ச்சி நிற்கிறது என்பது. இதை நான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். பெர்சியஸ் விண்மீன் குழுவில் நட்சத்திரம் பிறந்துகொண்டிருக்கும் எச்எச் 211 என்ற இடத்தை 2023இல் வெப் தொலைநோக்கி எடுத்த படத்தில், சூரியனில் 8 சதவீத நிறையே உள்ள ஒரு குழந்தை நட்சத்திரம் தாரைகளைப் பீறிட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குள் ஹைட்ரஜன் இணைவு இன்னும் தொடங்கவில்லை. அது ஒளிர்வதற்குக் காரணம் மேலே வந்து விழும் வாயுவின் ஆற்றல். சூரியன் அளவு நட்சத்திரத்தில் வாயு வந்து சேர்வது பெரும்பாலும் சுமார் ஐந்து லட்சம் ஆண்டுகளில் முடிந்துவிடும். ஹைட்ரஜன் நிலையாக இணையத் தொடங்க அதற்குப் பிறகும் சில கோடி ஆண்டுகள் ஆகும். அப்போது நிறை எப்போதோ முடிவாகியிருக்கும்.

எட்டு, பத்து சூரிய நிறைக்கு மேலே போனால் இந்த வரிசை மாறிவிடும். அங்கே வாயு விழுந்துகொண்டிருக்கும்போதே ஹைட்ரஜன் இணைவு தொடங்கிவிடுகிறது. ஒளியின் அழுத்தம் வரும் வாயுவைத் தள்ளுகிறது, வாயு வட்டின் வழியாக உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. அவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கை அப்படியே போடக்கூடாது. ஏனென்றால் அவை தாம் பிறந்த கருவுக்கு வெளியிலிருந்தும் வாயுவை இழுத்துக்கொள்ளலாம்.