மாதவிடாய் சீக்கிரமே வருகிறதா? தேதியைக் குறித்து வையுங்கள்

நாற்பதை நெருங்கும்போது, 28 நாளுக்கு ஒருமுறை வந்த மாதவிடாய் 24, 25 நாளிலேயே வந்துவிடலாம். கருமுட்டை முன்பைவிடச் சீக்கிரம் முதிர்வதால் சுழற்சியின் முதல் பாதி சுருங்குகிறது. மெனோபாஸுக்கு முந்தைய கட்டம் பலருக்கு இப்படித்தான் தொடங்கும்.

உதிரப்போக்கு தொடங்கிய நாளிலிருந்து அடுத்தது தொடங்கும் நாள் வரை எண்ணுங்கள்; நின்ற நாளிலிருந்து அல்ல. அடுத்தடுத்த சுழற்சிகளுக்கு இடையே 7 நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால், மாற்றம் தொடங்கிவிட்டது எனலாம். இரவில் தலையணை நனையும் அளவு வியர்த்தால் அந்தத் தேதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஆரம்பத்தில் பலருக்கு இது மாதவிடாயை ஒட்டித்தான் வரும். கூடவே காய்ச்சலோ எடை குறைவோ இருந்தால் வேறு காரணம் இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். ஒரே ஒரு ஹார்மோன் பரிசோதனையை வைத்து முடிவுகட்ட வேண்டாம். அந்த அளவு நாளுக்கு நாள் மாறும். அப்புறம், இந்தக் கட்டத்திலும் கர்ப்பம் தரிக்கலாம்.