கடைசியாக ஓடி வருபவர் இல்லாத ஓட்டம்

"மைதானத்தை மூன்று சுற்று ஓடுங்கள்" என்றால், உடல் பருத்த பிள்ளை மூன்றாவது சுற்றைத் தனியாகத்தான் ஓடும். முடித்தவர்கள் நின்று பார்ப்பார்கள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்கு வயிற்றுவலி வந்துவிடும். களுவாஞ்சிக்குடிப் பக்கம் உடற்கல்வி கற்பிக்கும் நான் இப்போது தூரத்தைச் சொல்வதில்லை, நேரத்தைச் சொல்கிறேன்.

தரம் 8இல் 36 பேர். மைதானத்தின் நான்கு மூலைகளிலும் ஒன்பது ஒன்பது பேராக நிற்பார்கள். விசில் ஊதியதும் நான்கு நிமிடம் ஓடலாம், நடக்கலாம். மறு விசிலுக்கு அவரவர் இடத்திலேயே நிற்க வேண்டும். தொடக்கம் நான்கு இடத்தில் என்பதால் யார் முன்னே, யார் பின்னே என்று எவருக்கும் தெரியாது. ஒரே கோட்டில் தொடங்கினால் இந்தப் பயன் போய்விடும்.

கடந்த மூலைகளை அவரவரே எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். அடுத்த வாரம் தன் எண்ணோடுதான் போட்டி. ஒருமுறை அதிக எண்ணை உரக்க வாசித்துப் பாராட்டினேன், பழைய கதை திரும்பியது.

பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வசனம் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நடக்கலாம் என்பது எல்லோருக்கும் பொது விதி. மட்டக்களப்பு வெயிலில் இதை முதற் பாடவேளையில் வைப்பதே நல்லது.