ஆற்றுச் சுவரோரம் வேலி: இருக்கிற கம்பியில் அதிக நிலம் அடைப்பது எப்படி?

கிரான் பக்கம் முந்தனை ஆற்றோரம் மாமா கச்சான் போடப்போகிறார். ஆற்றுப் பக்கம் நேரான கல்லுச் சுவர் இருப்பதால் அங்கே வேலி தேவையில்லை. மற்ற மூன்று பக்கமும் அடைத்தால் போதும். “சதுரமாக அடைத்தால்தானே கூட நிலம் வரும்?” என்றார். நாலு பக்கமும் வேலி என்றால் அது சரி. இங்கே சரிவராது.

முதலில் வேலியின் நீளத்தைப் பாருங்கள். மாமாவிடம் 480 மீற்றர் முள்ளுக்கம்பி. நாலு வரி இழுப்பதால் வேலிக்குக் கிடைப்பது 120 மீற்றர்தான். கம்பி நீளத்தை அப்படியே கணக்கில் போட்டுவிட்டு, பாதி வேலியில் கம்பி முடிந்து நிற்பவர்கள் உண்டு.

சுவரிலிருந்து வெளியே வரும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றும் x மீற்றர் என்று வைப்போம். ஆற்றுக்குச் சமாந்தரமான பக்கத்துக்கு மிச்சம் 120 − 2x. அப்போ பரப்பு:

```
A = x(120 − 2x)
```

மாமாவின் சதுரத்துக்கு x = 40. பரப்பு 40 × 40 = 1600 சதுர மீற்றர். x = 20 என்று போட்டால் 20 × 80, அதுவும் 1600. இரண்டும் சமம் என்பதுதான் துப்பு. இருபடிச் சார்பின் வரைபு சமச்சீரானது, அதனால் உச்சி இரண்டுக்கும் நடுவில், x = 30 இல் இருக்க வேண்டும். வர்க்கபூர்த்தி செய்தால் அது உறுதியாகிறது:

```
A = 1800 − 2(x − 30)²
```

வர்க்கம் ஒருபோதும் மறையாகாது. ஆகவே 1800-இலிருந்து எப்போதும் கழிபடத்தான் செய்யும். x = 30 என்றால் மட்டும் கழிபட ஒன்றுமில்லை. வேலி 30, 60, 30. பேர்ச் கணக்கில் சதுரம் ஏறக்குறைய 63, இது 71. அதே கம்பியில் எட்டுப் பேர்ச் கூட!

ஏன் இப்படி என்று மாமா கேட்டார். சுவரைக் கண்ணாடி என்று நினையுங்கள். ஆற்றுக்குள் இதே காணி இன்னொன்று தெரியும். இரண்டும் சேர்ந்து 60-க்கு 60 சதுரம். சதுரம் தோற்கவில்லை, பாதி தண்ணீருக்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

கட்டை நடும்போது நூல் பிடித்தாற்போல் 30 வராவிட்டால் பதற வேண்டாம். x = 28 என்றாலும் பரப்பு 1792. எட்டுச் சதுர மீற்றர்தான் குறைவு. உச்சிக்குப் பக்கத்தில் வரைபு தட்டை.

படலையை மறந்துவிடாதீர்கள். 4 மீற்றர் மரப்படலை போட்டால் அங்கே கம்பி வேண்டாம். மொத்தம் 124 ஆகும், அளவு 31, 62, 31.

சுவரையும் நாடா பிடித்து அளந்துவிடுங்கள். அது 50 மீற்றர்தான் என்றால் 60 மீற்றர்ப் பக்கத்துக்கு இடமில்லை. அப்போ நீளத்தை 50 என்று நிறுத்தி, மிச்சத்தை இரண்டாகப் பிரியுங்கள்: 35, 50, 35. பரப்பு 1750.